டிசிஷன் ட்ரீயின் முதல் பிரிப்பு: தேர்வுத் தாளில் கெயின் கணக்கு

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வரிசை கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்து, "எண்ட்ரோபியும் இன்ஃபர்மேஷன் கெயினும் கணக்கிட்டு முதல் பிரிப்புக்கு எந்தப் பண்பு என்று சொல்லவும்" என்று தேர்வில் கேட்கிறார்கள். சூத்திரம் எனக்குத் தெரியும். ஆனாலும் விடை மாறிவிடுகிறது, நேரமும் பற்றவில்லை. கையில் இருப்பது லாக் பொத்தான்கூட இல்லாத சாதாரண கால்குலேட்டர். எந்த வரிசையில், எப்படிப் போட்டால் தவறாமல் வரும்?

பதில்:

எண்ட்ரோபி என்பது வகுப்புகள் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பதன் அளவு, ஒரு பண்பால் பிரித்த பிறகு அது எவ்வளவு குறைகிறது என்பதுதான் கெயின். சூத்திரம் தெரிந்தும் விடை மாறுகிறது என்றால் இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள். ஒன்று, லாக் போடுவதற்கு முன்பே வரும் எண்ணிக்கை. மற்றொன்று, கிளைகளின் எண்ட்ரோபிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் இடம். லாக் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு இந்தச் சராசரியில் கோட்டைவிட்ட விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இடத்தில் தவறினால் விடையே புரண்டுபோகும்படி ஒரு கணக்கை அமைத்திருக்கிறேன். அதையே கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

மின்னஞ்சல்கள் 12. ஒவ்வொன்றும் குப்பையா, நல்லதா என்பதுதான் வகுப்பு. மூன்று பண்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன: அனுப்பியவர் தெரிந்தவரா, உள்ளே எத்தனை லிங்க், கோப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா.

| எண் | அனுப்பியவர் | லிங்க் | கோப்பு | வகுப்பு |
|---|---|---|---|---|
| 1 | தெரிந்தவர் | 1 | உண்டு | நல்லது |
| 2 | தெரியாதவர் | 1 | இல்லை | குப்பை |
| 3 | தெரிந்தவர் | 1 | இல்லை | நல்லது |
| 4 | தெரியாதவர் | பல | உண்டு | குப்பை |
| 5 | தெரிந்தவர் | 0 | இல்லை | நல்லது |
| 6 | தெரியாதவர் | 1 | உண்டு | நல்லது |
| 7 | தெரிந்தவர் | 1 | இல்லை | குப்பை |
| 8 | தெரிந்தவர் | 1 | உண்டு | நல்லது |
| 9 | தெரியாதவர் | 1 | இல்லை | குப்பை |
| 10 | தெரிந்தவர் | 1 | இல்லை | நல்லது |
| 11 | தெரியாதவர் | 1 | உண்டு | குப்பை |
| 12 | தெரியாதவர் | 1 | இல்லை | நல்லது |

முதலில் எண்ணி முடியுங்கள். ஒரு பண்பை எண்ணி, அதற்கு எண்ட்ரோபி போட்டு, திரும்பி வந்து அடுத்த பண்பை எண்ணுவது என்று போனால் கண் வரிசை மாறிவிடும். மூன்று பண்புகளையும் ஒரே மூச்சில் எண்ணி, குப்பை முதலில், நல்லது அடுத்து என்று சோடி சோடியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தம் (5, 7). அனுப்பியவர்: தெரிந்தவர் (1, 5), தெரியாதவர் (4, 2). லிங்க்: பல (1, 0), பூஜ்யம் (0, 1), ஒன்று (4, 6). கோப்பு: உண்டு (2, 3), இல்லை (3, 4).

இப்போது ஒரு சரிபார்ப்பு. எந்தப் பண்பை எடுத்தாலும் முதல் எண்களின் கூட்டு 5 வர வேண்டும், இரண்டாம் எண்களின் கூட்டு 7 வர வேண்டும். அனுப்பியவர் 1+4, 5+2. லிங்க் 1+0+4, 0+1+6. கோப்பு 2+3, 3+4. மூன்றும் சரி. இதைப் பார்க்காமல் லாக்குக்குப் போகாதீர்கள். இங்கே ஒரு வரிசை பிசகினால் அப்புறம் என்ன போட்டாலும் வீண்.

அடுத்து லாக். அடிமானம் 2. லாக் பொத்தான் இருக்கும் கால்குலேட்டர் என்றால், சாதாரண லாக்கை எடுத்து 0.3010-ஆல் வகுத்தால் போதும். உங்களிடம் அது இல்லை என்பதால் மூன்றே மூன்று எண்களை மனத்தில் வையுங்கள்: 3-க்கு 1.585, 5-க்கு 2.322, 7-க்கு 2.807. மற்றவை இவற்றிலிருந்து வந்துவிடும். 2, 4, 8 ஆகியவற்றுக்கு முறையே 1, 2, 3. 6 என்பது இருமூன்று ஆறு, ஆகவே 1 + 1.585 = 2.585. 9 என்பது மும்மூன்று ஒன்பது, ஆகவே 3.170. 10-க்கு 1 + 2.322 = 3.322. 12-க்கு 2 + 1.585 = 3.585. பின்னத்துக்கு மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழிக்க வேண்டும். 5/12 என்றால் 2.322 − 3.585 = −1.263. சிறிய அட்டவணைக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவே போதும். ஏதாவது ஓர் எண்ணிக்கை 11 ஆகவோ 13 ஆகவோ இருந்தால் 3.459, 3.700 என்ற இரண்டும் கூடுதலாக வேண்டும்.

மொத்த அட்டவணையின் எண்ட்ரோபி:

```
H(S) = -(5/12)·log2(5/12) - (7/12)·log2(7/12)
     = 0.4167 × 1.263 + 0.5833 × 0.778
     = 0.526 + 0.454
     = 0.980
```

இரண்டு வகுப்பு மட்டும் இருக்கும்போது எண்ட்ரோபி 1-ஐத் தாண்டவே தாண்டாது. பாதிக்குப் பாதி என்றால் சரியாக 1. இங்கே 5-க்கு 7, ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அதனால் 0.980 பொருந்துகிறது. 0.295 மாதிரி ஏதாவது வந்தால் அடிமானம் 10-இல் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அடிமானம் முழுவதும் ஒன்றாகவே இருந்தால் எந்தப் பண்பு ஜெயிக்கும் என்பது மாறாது, எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் சுருங்கும், அவ்வளவுதான். பாதிக் கணக்கு 10-இலும் பாதி 2-இலும் போனால்தான் ஆபத்து. எப்படியானாலும் பிட் கணக்கில் விடை கேட்டிருந்தால் மதிப்பெண் போகும்.

அனுப்பியவருக்கு வருவோம். இரண்டு கிளை, ஒவ்வொன்றிலும் 6 மின்னஞ்சல்.

```
H(1,5) = (1/6)×2.585 + (5/6)×0.263 = 0.431 + 0.219 = 0.650
H(4,2) = (4/6)×0.585 + (2/6)×1.585 = 0.390 + 0.528 = 0.918

சராசரி = (6/12)×0.650 + (6/12)×0.918 = 0.784
Gain   = 0.980 - 0.784 = 0.196
```

இங்கே இரண்டு கிளையும் ஒரே அளவு. அதனால் எடை போட்டுச் சராசரி எடுத்தாலும் சும்மா கூட்டி இரண்டால் வகுத்தாலும் ஒரே விடைதான். தவறு செய்கிறோமா இல்லையா என்பதே தெரியாது. தெரிவது அடுத்த பண்பில்தான்.

லிங்க். 'பல' என்ற கிளையில் ஒரே மின்னஞ்சல், அது குப்பை. 'பூஜ்யம்' கிளையிலும் ஒன்றே, அது நல்லது. ஒரே வகுப்பு மட்டும் இருக்கும் கிளைக்கு எண்ட்ரோபி 0. சூத்திரத்தில் இட்டால் 0 × log 0 என்று ஒரு துண்டு வரும். அதைக் கால்குலேட்டரில் போட்டால் பிழை என்று நிற்கும். ஒரு வகுப்பின் பங்கான p பூஜ்யத்தை நெருங்க நெருங்க p·log p-யும் பூஜ்யத்தை நெருங்குவதால், அந்தத் துண்டை 0 என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். விடைத்தாளில் "0·log 0 = 0 எனக் கொள்ளப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். மீதி 10 மின்னஞ்சல்களும் 'ஒன்று' கிளையில் (4, 6) என்று கிடக்கின்றன.

```
H(1,0) = 0
H(0,1) = 0
H(4,6) = 0.4×1.322 + 0.6×0.737 = 0.529 + 0.442 = 0.971

சராசரி = (1/12)×0 + (1/12)×0 + (10/12)×0.971 = 0.809
Gain   = 0.980 - 0.809 = 0.171
```

இதைச் சும்மா கூட்டி மூன்றால் வகுத்திருந்தால் 0.971 / 3 = 0.324 வந்திருக்கும். கெயின் 0.656 ஆகி, அனுப்பியவரை எங்கேயோ பின்னால் தள்ளியிருக்கும். முதல் பிரிப்பு லிங்க் என்று எழுதி, அதற்குக் கீழே மரத்தையே தப்பாக வரைந்திருப்பீர்கள். உண்மையில் நடந்தது என்ன? பன்னிரண்டில் இரண்டு மின்னஞ்சல்களுக்கு மட்டும் விடை தெரிந்தது. மற்ற பத்தும் ஆரம்பத்தில் எவ்வளவு கலந்திருந்தனவோ கிட்டத்தட்ட அதே அளவு கலப்பில்தான் இருக்கின்றன. 0.980 இருந்தது 0.971 ஆனது, அவ்வளவே. பத்துப் பேர் இருக்கும் கிளைக்கும் ஒருவர் இருக்கும் கிளைக்கும் சம ஓட்டு கொடுத்ததால்தான் அந்த 0.324 வந்தது.

கோப்புக்கு லாக் போடுவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுகிறது. மொத்தத்தில் குப்பையின் பங்கு 5/12, அதாவது 0.417. 'உண்டு' கிளையில் 2/5 = 0.400, 'இல்லை' கிளையில் 3/7 = 0.429. இரண்டு கிளையிலும் விகிதம் ஏறக்குறைய தாய் அட்டவணையின் விகிதமே. விகிதம் மாறவில்லை என்றால் எதுவும் தெரியவில்லை, கெயின் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் தேர்வில் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

```
H(2,3) = 0.971
H(3,4) = (3/7)×1.222 + (4/7)×0.807 = 0.985

சராசரி = (5/12)×0.971 + (7/12)×0.985 = 0.979
Gain   = 0.980 - 0.979 = 0.001
```

H(2,3)-க்கு நான் கணக்கே போடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? (4, 6) என்பது (2, 3)-இன் இரு மடங்கு. எண்ட்ரோபிக்கு விகிதம் மட்டுமே தெரியும், தலை எண்ணிக்கை தெரியாது. அதேபோல் (4, 2)-ம் (2, 4)-ம் (1, 2)-ம் எல்லாமே 0.918. ஒருமுறை கண்டுபிடித்த மதிப்பை விடைத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்தால் அடுத்த பண்பில் அப்படியே எடுத்துப் போடலாம். நேரம் மிச்சமாவது இங்கேதான்.

ஆக அனுப்பியவர் 0.196, லிங்க் 0.171, கோப்பு 0.001. முதல் பிரிப்பு அனுப்பியவர். இதை ஒரு தசமத்துக்குச் சுருக்கியிருந்தால் முதல் இரண்டும் 0.2 ஆகிச் சமன் என்று தோன்றியிருக்கும். இடைக்கணக்கில் மூன்று தசமமாவது வைத்திருங்கள். இரண்டு பண்புகள் மூன்றாம் தசமத்தில்தான் வேறுபடுகின்றன என்றால் அந்த இரண்டை மட்டும் நான்கு தசமத்தில் மறுபடி போடுங்கள்.

சரி, நேரம் பற்றவில்லை என்றீர்களே, அதற்கு வருவோம். மூன்று கெயின்களிலும் 0.980 என்ற முதல் எண் பொதுவாகவே நிற்கிறது. ஆகவே கெயின் அதிகம் எது என்பதும், எடையிட்ட சராசரி குறைவு எது என்பதும் ஒரே கேள்வி. அந்தச் சராசரியையும் 12-ஆல் வகுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்லாப் பண்புகளுக்கும் வகுக்கும் எண் அதே 12-தான், போட்டியின் முடிவு மாறாது. ஒரு கிளையில் n மின்னஞ்சல், அதில் a குப்பை, b நல்லது என்றால், n × எண்ட்ரோபி என்பதைப் பின்னமே இல்லாமல் இப்படி எழுதலாம்:

```
n·H(a,b) = n·log2(n) - a·log2(a) - b·log2(b)
```

இதற்கு ஒரு பொருளும் உண்டு. தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் 1948-இல் எண்ட்ரோபியை வரையறுத்தபோது அது ஒரு செய்திக்குச் சராசரியாக எத்தனை பிட் தேவை என்பதன் அளவு. அதை மின்னஞ்சல்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், அந்தக் கிளையில் உள்ள எல்லாவற்றின் வகுப்பையும் சொல்லி முடிக்க மொத்தம் எத்தனை பிட் தேவை என்று கிடைக்கிறது. கிளைகளின் பிட்டுகளைக் கூட்டினால் அந்தப் பண்பைத் தெரிந்துகொண்ட பிறகும் மீதியிருக்கும் பிட் எத்தனை என்பது தெரியும். எடை போடுவது என்ற வேலை தானாகவே உள்ளே வந்துவிடுவதால், அதை மறக்க வழியே இல்லை.

தேர்வு தொடங்கியதும் ஓரத்தில் இந்தச் சிறு பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று எண்களிலிருந்தே வந்துவிடும், கடைசித் தசமத்தில் மட்டும் ஒன்றிரண்டு வேறுபடலாம்.

```
n         1    2    3      4    5       6
n·log2 n  0    2    4.755  8    11.610  15.510

n         7       8    9       10      12
n·log2 n  19.651  24   28.529  33.219  43.020
```

இனி எல்லாம் கழித்தல்தான். தாய் அட்டவணைக்கு 43.020 − 11.610 − 19.651 = 11.759 பிட். அனுப்பியவரில் தெரிந்தவர் கிளைக்கு 15.510 − 0 − 11.610 = 3.900, தெரியாதவர் கிளைக்கு 15.510 − 8 − 2 = 5.510, கூட்டினால் 9.410. லிங்க்கில் தூய்மையான இரண்டு கிளைக்கும் 0, மூன்றாவதற்கு 33.219 − 8 − 15.510 = 9.709. கோப்பில் முதல் கிளை 11.610 − 2 − 4.755 = 4.855, இரண்டாவது 19.651 − 4.755 − 8 = 6.896, கூட்டினால் 11.751. மிகக் குறைவு 9.410, அதாவது அனுப்பியவர். கெயின் வேண்டுமென்றால் 11.759-இலிருந்து 9.410-ஐக் கழித்து 12-ஆல் வகுக்க, அதே 0.196.

விடைத்தாளில் எதைக் காட்டுவது? வழக்கமான வடிவத்தைத்தான். திருத்துபவர் p·log p வடிவத்தையும் எடையிட்ட சராசரியையும் தேடிப் படிநிலை மதிப்பெண் போடுவார். இந்தக் கழித்தல் முறையை ஓரத்தில் போட்டு முதலில் விடையைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு முறையாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிசகு என்று அப்போதே பிடித்துவிடலாம். கெயின் எதிர்மறையாக வந்தால் தேடவே வேண்டாம், கணக்கு தவறு. எடையிட்ட சராசரி ஒருபோதும் தாயின் எண்ட்ரோபியைத் தாண்டாது, ஆகவே கெயின் பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது. எதிர்மறை வருவதற்கு முக்கியக் காரணம் எடை போடாத சராசரி. ஒரு பெரிய தூய்மையான கிளையும், பக்கத்தில் பாதிக்குப் பாதி கலந்த சின்னக் கிளைகள் நாலைந்தும் இருந்தால் அப்படி வரும்.

வகுப்பு மூன்றாக இருந்தால் இதே முறைதான். a, b, c என்று இன்னொரு துண்டு சேரும், உச்ச வரம்பு 1 அல்ல, 1.585. "எண்ட்ரோபி ஒன்றுக்கு மேல் வந்துவிட்டதே" என்று பதறி அழிக்க வேண்டாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அட்டவணையின் முதல் நெடுவரிசையில் 1 முதல் 12 வரை வரிசை எண் இருக்கிறதே, அதுவும் ஒரு பண்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால்? 12 கிளை, ஒவ்வொன்றிலும் ஒரு மின்னஞ்சல், எல்லாம் தூய்மை, மீதி 0. கெயின் முழு 0.980. எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் பதின்மூன்றாவது மின்னஞ்சல் வந்தால் அதற்கு இந்த மரத்தில் கிளையே இல்லை. மதிப்புகள் அதிகமாக உள்ள பண்புகளின் பக்கம் கெயின் சாயும் என்பது இந்த அளவையின் இயல்பு. வரிசை எண், பதிவு எண், பெயர் போன்றவற்றைப் பண்பாக எடுக்கக் கூடாது. "வரிசை எண் அடையாளத்துக்கு மட்டுமே, பண்பாகக் கொள்ளப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் தெளிவு.

இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான் கெயின் ரேஷியோ வந்தது. ராஸ் குவின்லன் 1986-இல், கெயினை வைத்து மரம் கட்டும் ஐடி3 முறையை விவரித்த கட்டுரையிலேயே அதை முன்வைத்தார். பின்னால் அவர் உருவாக்கிய சி4.5 அதைக் கைக்கொண்டது. கெயினை, கிளைகளின் அளவுகளுக்கு எடுத்த எண்ட்ரோபியால் வகுக்க வேண்டும். வகுப்பை இங்கே பார்க்கவே கூடாது, எந்தக் கிளையில் எத்தனை வரிசை என்பது மட்டுமே கணக்கு. இதில் பலர் மறுபடியும் குப்பை, நல்லது என்று எண்ணப் போய்விடுகிறார்கள்.

```
அனுப்பியவர்: SplitInfo(6,6)    = 1.000   GainRatio = 0.196 / 1.000 = 0.196
லிங்க்:      SplitInfo(1,1,10) = 0.817   GainRatio = 0.171 / 0.817 = 0.209
```

பாருங்கள், முடிவு மாறிவிட்டது! கெயின்படி அனுப்பியவர், கெயின் ரேஷியோபடி லிங்க். இரண்டு கணக்கிலும் தவறில்லை, அளவைகள்தான் வேறு. ஒரு பெரிய கிளையும் சில துணுக்குக் கிளைகளும் என்று பிரியும் பண்புக்கு வகுக்கும் எண் சிறிதாகிவிடுகிறது, அதனால் ரேஷியோ ஊதிப் பெரிதாகிறது. கெயினின் ஒரு சாய்வைத் திருத்தப் போய் வேறொரு சாய்வு வந்து சேர்ந்தது. குவின்லனுக்கும் இது தெரிந்தே இருந்தது. சராசரிக்குக் குறையாத கெயின் உள்ள பண்புகளுக்குள் மட்டும் ரேஷியோவை ஒப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். நம் கணக்கில் மூன்று கெயின்களின் சராசரி சுமார் 0.12, லிங்க்கின் 0.171 அதைத் தாண்டிவிடுவதால் நிபந்தனை அதைத் தடுக்கவில்லை. சொல்லப்போனால் வரிசை எண்ணுக்கே ரேஷியோ 0.980 / 3.585 = 0.273 வருகிறது, இந்த மூன்றையும்விட அதிகம். பன்னிரண்டே வரிசைகள் உள்ள அட்டவணையில் வகுக்கும் எண் 3.585-க்கு மேல் வளர இடமில்லை என்பதுதான் காரணம். ஆகவே ரேஷியோ காப்பாற்றும் என்று வரிசை எண்ணை உள்ளே விடாதீர்கள்.

இதனால்தான் கேள்வியில் எந்த அளவை என்பதை அடிக்கோடிட்டுக்கொண்டு தொடங்கச் சொல்வேன். ஐடி3 என்றோ இன்ஃபர்மேஷன் கெயின் என்றோ இருந்தால் கழித்தலோடு நிறுத்துங்கள். சி4.5 என்றிருந்தால் வகுத்தலும் உண்டு. கார்ட் முறை என்றிருந்தால் எண்ட்ரோபிக்குப் பதில் ஜினி என்ற வேறோர் அளவை, அதோடு இரண்டே கிளைகள்தான், ஆகவே லிங்க்கின் மூன்று மதிப்புகளை இரண்டு குழுவாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது வேறு கணக்கு.

உங்கள் கேள்விக்கான விடையின் கடைசிப் பகுதியில் மூன்று கெயின்களையும் ஒரு சிறு அட்டவணையாக எழுதி, "அதிகபட்ச கெயின் 0.196, ஆகவே வேர் முனை: அனுப்பியவர்" என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அதற்குக் கீழே வேர் முனையையும் இரண்டு கிளைகளையும் வரைந்து, தெரிந்தவர் பக்கம் (1, 5), தெரியாதவர் பக்கம் (4, 2) என்று எண்ணிக்கைகளைக் குறித்துவிடுங்கள். இரண்டு கிளையும் இன்னும் தூய்மையாகவில்லை, ஆகவே அங்கே இலை முனை போட்டு "நல்லது", "குப்பை" என்று முடித்துவிடக் கூடாது. முதல் பிரிப்பை மட்டும் கேட்டிருந்தால் "மேலும் பிரிக்கப்பட வேண்டும்" என்று எழுதி நிறுத்தலாம். முழு மரமும் கேட்டிருந்தால் அடுத்த மட்டத்தில் தாய் எண்ட்ரோபியாக 0.980 வராது, தெரிந்தவர் கிளைக்கு 0.650, தெரியாதவர் கிளைக்கு 0.918. எடைகளின் கீழே வரும் எண்ணும் 12 அல்ல, 6.